டம்ளருக்குள் என்ன தெரிகிறது?

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)



எங்கள் குழு கும்பகோணம் பக்கம். பக்கத்துப் பட்டறைகளில் இருந்து பித்தளை டவரா டம்ளர் வாங்கி, துடைத்து, பெட்டி கட்டி, ஆன்லைனில் விற்கிறோம். விற்பனையில் கணக்கு, பேக்கிங், கூரியர் என்று பல வேலை இருக்கு. எனக்குக் குழு கொடுத்த வேலை படம் எடுப்பது. அதிலும் ஒரே ஒரு படத்தைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப்போகிறேன். சமையல் மேடை மேல் நுரை ததும்ப ஒரு டம்ளர் காபி, பக்கவாட்டில் காலை வெயில். அந்தப் படம். நம்ம கூட்டமைப்பில் பித்தளை, செம்பு, எவர்சில்வர் விற்கிற குழுக்கள் இருக்கீங்க. உங்க எல்லாருக்கும் இது உதவும்.

முதலில், இந்தப் படம் கடையில் எந்த இடத்தில் வருதுன்னு சொல்லிடறேன். பெரிய ஆன்லைன் கடைகள் முதல் படத்துக்கு வெறும் வெள்ளைப் பின்னணிதான் கேட்பாங்க. காபி, துணி, செடி எதுவும் அதில் கூடாது. டவரா டம்ளர் மட்டும், சட்டம் நிறைய. நான் சொல்லும் காலை வெயில் படம் இரண்டாவதாக வருவது. முதல் படம் “இதுதான் பொருள்” என்று காட்டும். இரண்டாவது படம் “இது உங்க வீட்டில் இப்படி இருக்கும்” என்று காட்டும். வாங்குகிறவர் மனசு முடிவு பண்ணுவது பெரும்பாலும் இந்த இரண்டாவது படத்தில்தான். பார்சலைப் பிரிக்கும்போது அவங்க மனசில் இருப்பதும் அந்தப் படம்தான். அதனால் அது அழகாவும் இருக்கணும், உண்மையாவும் இருக்கணும்.

இப்போ பித்தளையோட குணத்துக்கு வருவோம். ஒரு புடவையைப் படம் எடுத்தால் புடவை தெரியும். மண்சட்டியைப் படம் எடுத்தால் சட்டி தெரியும். தேய்த்து வைத்த பித்தளை டம்ளரைப் படம் எடுத்தால், டம்ளருக்கு எதிரே என்ன இருக்கோ அதுதான் தெரியும். அது ஒரு வளைந்த கண்ணாடி. நேரான கண்ணாடி எதிரில் இருப்பதை மட்டும் காட்டும். வளைந்த கண்ணாடி முக்கால்வாசி சமையலறையையே இழுத்து உள்ளே போட்டுக்கொள்ளும். காஸ் சிலிண்டரின் சிவப்பு, சுவரில் ட்யூப் லைட், பிளாஸ்டிக் வாளியின் நீலம், நம்ம புடவை, கையில் பிடித்த போன் எல்லாமே மெல்லிய கோடு கோடாக அதில் ஓடும். படத்தில் டம்ளர் “அழுக்கா இருக்கே” என்று தோன்றினால், பத்தில் எட்டு தடவை அது அழுக்கு இல்லை. அறையோட நிழல்.

அதனால் நான் போனை எடுப்பதற்கு முன்னாடி டம்ளர் முன் குனிந்து, ஒரு நிமிஷம் அதன் உடம்பையே உற்றுப் பார்ப்பேன். அதில் தெரியும் ஒவ்வொரு நிறமும் எங்கிருந்து வருதுன்னு தேடுவேன். நீலம் தெரிந்தால் வாளியை நகர்த்துவேன். நீளமாக ஒரு வெள்ளைக் கோடு தெரிந்தால் ட்யூப் லைட் எரியுதுன்னு அர்த்தம். சுவிட்சைப் போட்டு அணைப்பேன். இன்றைக்கு நான் சொல்வதில் ஒன்றே ஒன்று ஞாபகம் வச்சுக்கணும்னா, இதை வச்சுக்கோங்க. மற்ற எல்லாம் இதிலிருந்து வருவதுதான்.

அடுத்து வெளிச்சம். நம்ம ஊரில் சூரியன் உதித்து ஒரு மணி நேரம் கழித்து, சுமார் ஏழு மணியிலிருந்து எட்டு மணி வரைக்கும் வெயில் சாய்வாக, மஞ்சளாக வரும். ஒன்பதைத் தாண்டினால் வெள்ளையாகிவிடும், மேலே ஏறிவிடும், நிழல் குட்டையாகிவிடும். அப்புறம் அது காலை மாதிரி இருக்காது. கிழக்குப் பார்த்த ஜன்னல் உள்ள சமையலறை வேண்டும். குழுவில் யார் வீட்டில் அப்படி இருக்குன்னு முதலில் கேளுங்க. யார் வீட்டிலும் இல்லைன்னா கவலை வேண்டாம். கல் கடையில் மேடை போட்டு மிஞ்சிய கருப்புக் கடப்பா கல் துண்டு, ஒன்றரை அடிக்கு இரண்டு அடி, கேட்டால் கிடைக்கும். கிழக்குத் திண்ணையிலோ கொல்லைப்புற வாசலிலோ ஒரு ஸ்டூல் மேல் அதை வைத்தால், படத்தில் அது சமையல் மேடைதான்.

டம்ளரை எங்கே வைப்பது? ஒரு கடிகாரத்தை மனசில் நினைச்சுக்கோங்க. நடு முள்ளில் டம்ளர். ஆறு மணி இருக்கும் இடத்தில் நீங்க. ஜன்னல் பத்து மணி இருக்கும் இடத்தில். அதாவது வெளிச்சம் இடது பக்கமாக, கொஞ்சம் பின்னாலிருந்து வரணும். உங்க முதுகுப் பக்கமிருந்து வெளிச்சம் வந்தால் டம்ளர் தட்டையாகத் தெரியும், உங்க நிழலும் அதன் மேல் விழும். பத்து மணியிலிருந்து வந்தால் நுரையில் ஒவ்வொரு குமிழும் தனித்தனியாகத் தெரியும், விளிம்பு மின்னும், ஆவி பறப்பதும் கண்ணில் படும்.

நேர் வெயில் பட்டால் பித்தளையில் ஒரு இடம் மட்டும் சுள்ளென்று வெள்ளையாக எரியும். அந்த இடத்தில் டம்ளரே இருக்காது, வெறும் வெள்ளைப் புள்ளிதான் இருக்கும். பின்னால் எந்த ஆப்பில் திருத்தினாலும் அது திரும்ப வராது. அதுக்கு மருந்து ஒரு பழைய வெள்ளை வேட்டி. ஒற்றை மடிப்பாக ஜன்னல் கம்பியில் கட்டிடுங்க. இப்போ டம்ளரில் அந்தப் புள்ளி போய், மேலிருந்து கீழாக ஒரு நீள வெள்ளைப் பட்டை தெரியும். டம்ளர் உருண்டையாக இருக்குன்னு கண்ணுக்குச் சொல்வதே அந்தப் பட்டைதான். வேட்டி வெள்ளையாக இருக்கணும். மஞ்சள் துணியோ ரோஸ் துணியோ கட்டினால் டம்ளரும் அந்த நிறம் ஆகிவிடும்.

இடது பக்கம் வெளிச்சம் வந்தால் வலது பக்கம் இருட்டாகும். அங்கே, நாலு மணி இடத்தில், ஒரு வெள்ளை சார்ட் அட்டையை நிமிர்த்தி வைங்க. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாங்குவதுதான். ஜன்னல் வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பி டம்ளரின் வலது கன்னத்தில் விழும். அட்டையை ரொம்பக் கிட்ட வைத்தால் இருட்டு முழுசா போய் டம்ளர் மறுபடி தட்டையாகும். ஒரு முழம் தள்ளி வைத்து, முன்னும் பின்னும் நகர்த்திப் பாருங்க. கொஞ்சம் நிழல் இருக்கட்டும். காலை நேரத்தில் நிழல் இருக்கத்தானே செய்யும்.

நம்ம உருவம் டம்ளரில் விழுமே, அதுக்கு என்ன செய்வது? முழுசா ஒழிக்க முடியாது, சின்னதாக்க முடியும். ஒரு சாண் தூரத்தில் நின்று எடுத்தால் முகம் பெரிசாகத் தெரியும். நாலடி பின்னால் போய், போனில் இரண்டு மடங்கு பெரிதாக்கும் 2x வைத்து எடுத்தால் நாம் ஒரு குச்சி அளவுக்குச் சுருங்கிவிடுவோம். இன்னொரு லாபமும் இருக்கு. கிட்டே நின்று எடுத்தால் டம்ளரின் வாய் அகலமாகவும் அடி ஒடுங்கியும், புனல் மாதிரி தெரியும். தள்ளி நின்றால் உண்மையான வடிவம் வரும். படம் எடுக்கும் அன்றைக்கு ஜரிகை, பளீர் நிறம் வேண்டாம். சாம்பல், பழுப்பு மாதிரி மங்கலான புடவை கட்டிக்கோங்க. நமக்குப் பின்னால் அலமாரி, காலண்டர் இருந்தால் ஒரு வெளிர் நிறப் படுக்கை விரிப்பைத் தொங்கவிடுங்க.

இப்போ டம்ளரைத் தயார் செய்வது. புளியும் கொஞ்சம் உப்பும் போட்டுத் தேய்ப்பது நமக்குத் தெரிந்ததுதான். ஆனா புளியை அதிக நேரம் ஊற விடாதீங்க. பித்தளை மேல் லேசாக செம்பு நிறம் தட்டிவிடும். படத்தில் அது நல்லாவே தெரியும். தேய்த்ததும் நிறைய தண்ணீரில் அலசி, காய விடாமல் உடனே பழைய பருத்தித் துணியால் துடைக்கணும். தானாகக் காய்ந்தால் தண்ணீர்ப் பொட்டு நிற்கும். துடைத்த பிறகு வெறும் கையால் தொடக்கூடாது. விரல் ரேகை நேரில் தெரியாது, பக்கவாட்டு வெளிச்சத்தில் பளிச்சென்று தெரியும். துணியைப் பிடித்தே தூக்கி வைங்க. மேடையையும் ஈரத்துணியால் துடைத்து, அப்புறம் உலர்ந்த துணியால் துடைங்க. கருப்புக் கல்லில் ஒரு சர்க்கரைத் துகள் கிடந்தாலும் நட்சத்திரம் மாதிரி மின்னும்.

பக்கத்தில் என்ன வைப்பது? இங்கேதான் கை நீளும். பில்டர், காபிக்கொட்டை, வெல்லம், மல்லிகைப்பூ, பித்தளை ஸ்பூன் எல்லாம் வைக்கத் தோன்றும். ஒன்று யோசிங்க. படத்தில் இருப்பது எல்லாம் பார்சலில் வரும் என்று வாங்குகிறவங்க நினைப்பாங்க. நினைப்பதும் நியாயம்தான். “படத்துல இருக்கிற பில்டரும் சேர்த்துத்தானே?” என்று எங்களுக்கே போன் வருவதுண்டு. அதனால் எங்கள் வழக்கம் இது: விற்பனைக்கு இல்லாத பாத்திரம் எதுவும் படத்தில் இருக்காது. பத்து, பன்னிரண்டு காபிக்கொட்டை, ஓரத்தில் மடித்த ஒரு பருத்தித் துண்டு, அவ்வளவுதான். துண்டும் டம்ளருக்கு ஒட்டி இருக்கக்கூடாது. ஒட்டினால் அதன் நிறம் பித்தளைக்குள் ஏறும்.

டம்ளரை டவராவுக்குள் வைப்பதா, வெளியே வைப்பதா என்று கேட்பீங்க. இந்தப் படத்துக்கு உள்ளேதான் வைக்கணும். காபி கொண்டுவந்து கொடுக்கும் அழகு அதில்தான் இருக்கு. டம்ளரின் கீழ்ப்பகுதி மறையும், பரவாயில்லை. இரண்டையும் தனித்தனியாகக் காட்ட வெள்ளைப் பின்னணிப் படம் இருக்கு. போன் டம்ளர் வாய்க்குச் சற்று மேலே, லேசாகக் கீழே பார்த்தபடி இருக்கட்டும். நுரை ஒரு நீள்வட்டமாகத் தெரியணும், டம்ளர் உடம்பும் தெரியணும். நேர் மட்டத்தில் எடுத்தால் காபியே தெரியாது. தலைக்கு மேலிருந்து எடுத்தால் டம்ளரின் உயரம் தெரியாது.

கடைசியாகக் காபி. நுரை ஒன்று, இரண்டு நிமிஷத்தில் அடங்கிவிடும். அதனால் காபியை வைத்துக்கொண்டு இடம் தேடக்கூடாது. அதே அளவு வேறொரு டம்ளரை வைத்து எல்லாவற்றையும் பார்த்து முடிச்சுட்டு, கடைசியில்தான் காபி வரணும். நாங்கள் செய்யும் ஒரு காலையை அப்படியே சொல்கிறேன். ஆறரைக்குத் தேய்த்துத் துடைத்து முடிக்கிறோம். ஆறே முக்காலுக்குக் கல், வேட்டி, அட்டை. ஏழு மணிக்கு வெயில் ஜன்னலுக்கு வந்ததும் அறையின் எல்லா லைட்டையும் அணைத்து, மாற்று டம்ளரை வைத்து, அதன் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாள் சாய்த்து, நாலைந்து படம் எடுத்துப் பார்க்கிறோம். அந்த நேரத்தில் இன்னொரு தங்கச்சி டிகாக்‌ஷன் இறக்கி, பாலைப் பொங்கவிட்டு வைத்திருப்பாள். ஏழு இருபதுக்கு மாற்று டம்ளரை எடுத்துவிட்டு, அதே இடத்தில் நல்ல டவராவையும் டம்ளரையும் துணியால் பிடித்து வைக்கிறோம். காபியை வேறு பாத்திரத்தில் உயர ஆற்றி, நுரையோடு இந்த டம்ளரில் ஊற்றுகிறோம். ஆற்றுவதை இந்த டம்ளரிலேயே செய்தால் வெளியே வழிந்து கோடு விழும். நுரை விளிம்புக்கு ஒரு நூல் மேலே நிற்கணும். பிறகு இரண்டு நிமிஷத்துக்குள் பத்து, பதினைந்து படம். அவ்வளவுதான். அந்தக் காபியை யார் குடிப்பதுன்னு தினமும் சண்டை வரும், அது வேற கதை.

ஆவி தெரியணும்னா பின்னணி இருட்டாக இருக்கணும். வெள்ளைச் சுவர் முன்னால் ஆவி இருந்தும் தெரியாது. டம்ளருக்கு இரண்டு அடி பின்னால் ஒரு கருப்பு அட்டையோ அடர்நிற மரக்கதவோ இருந்தால் தெரியும். மின்விசிறியை அணைச்சிடுங்க. கோடைக் காலத்தில் ஆவி குறைவாகத்தான் வரும். வரவில்லைன்னா விடுங்க. ஊதுவத்திப் புகையை வைத்து ஏமாற்றினால் அது நூல் மாதிரி ஏறும், பார்த்தவங்களுக்கு அது காபி ஆவி இல்லைன்னு தெரிஞ்சிடும்.

போனில் இரண்டே வேலை. டம்ளரின் முன் விளிம்பைத் திரையில் தொட்டு விரலை எடுக்காமல் பிடித்தால், வெளிச்சமும் தெளிவும் அங்கேயே பூட்டிக்கொள்ளும். பிறகு பக்கத்தில் வரும் சூரியக் குறியைக் கீழே இழுத்து, நுரைக் குமிழ்கள் தெரியும்வரை படத்தைக் கொஞ்சம் இருட்டாக்குங்க. பின்னால் இருப்பதை மங்கலாக்கும் போர்ட்ரெய்ட் வேண்டாம். அது டம்ளரின் விளிம்பையும் ஆவியையும் சேர்த்து அரித்துவிடும்.

இப்போ முக்கியமான இடத்துக்கு வருகிறேன். நிறம். காலை வெயில் எதையும் மஞ்சளாக்கும். பித்தளை ஏற்கனவே மஞ்சள். இரண்டும் சேர்ந்தால் படத்தில் தங்கம் மாதிரி, சில சமயம் செம்பு மாதிரி தெரியும். பார்க்க ரொம்ப அழகா இருக்கும். அந்த அழகு நமக்கு ஆபத்து. வாங்கினவங்க பெட்டியைப் பிரிச்சதும் “படத்துல வேற நிறம்” என்பாங்க. கணக்குப் போட்டுப் பாருங்க. ஒரு செட்டுக்கு 90 ரூபாய் மிச்சம்னு வச்சுக்குவோம். கூரியர் போக 70, வர 70. திரும்பி வந்தால் அந்த 140 நம்ம கையை விட்டுப் போகும். ஒரு செட் திரும்பினால் இன்னொன்று விற்ற லாபம் முழுசும் போய், மூன்றாவதிலும் பாதிக்கு மேல் போகும். படத்தில் கூட்டிய அந்தக் கொஞ்சம் மஞ்சளுக்கு நாம் கொடுக்கும் விலை அது. அதோடு, 2020 மின்வணிக விதிகளின்படி விளம்பரத்தில் காட்டியது பொருளின் உண்மையான தன்மையோடு பொருந்தி இருக்கணும். காட்டியபடி இல்லைன்னா திரும்ப வாங்கமாட்டேன்னு விற்கிறவர் சொல்லக்கூடாது.

இதை எப்படிச் சரிபார்ப்பது? நான் சொன்னேனே, வெள்ளைத் தாள். சோதனைப் படத்தில் அந்தத் தாள் எப்படித் தெரியுதுன்னு பாருங்க. பால் நிறத்தில், லேசாக மஞ்சள் ஓடி இருந்தால் அது காலை. ஆரஞ்சாக இருந்தால் அதிகம். போனின் எடிட்டில் நிறத்தைச் சூடாக்கும் கோடு ஒன்று இருக்கும். தாள் பால் நிறத்துக்கு வரும்வரை அதைக் குளிர்ச்சிப் பக்கம் நகர்த்துங்க. அதே அளவை மற்றப் படங்களுக்கும் வைங்க. நிறத்தைக் கூட்டும் கோட்டைத் தொடவே தொடாதீங்க. பிறகு பத்து மணிக்கு மேல், வெயில் படாத வாசல் நிழலில் உண்மையான டம்ளரையும் போனையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துப் பாருங்க. இன்னொருத்தர் போனிலும் பாருங்க, ஒவ்வொரு போன் திரையும் ஒரு மாதிரி காட்டும். படத்தில் வெளிச்சம் சூடாக இருக்கலாம். டம்ளர் பித்தளையாகவே இருக்கணும். எங்கள் குழுவில் இந்த ஒப்பீட்டை நான் செய்வதில்லை. படம் எடுத்தவளுக்கு அது அழகாத்தான் தெரியும். பேக்கிங் செய்யும் அக்கா பார்த்துச் சரி என்றால்தான் படம் கடைக்குப் போகும்.

இந்தப் படத்தால் சொல்ல முடியாதது இரண்டு இருக்கு. காபி ஊற்றியதால் உள்ளே இருக்கும் வெள்ளீயப் பூச்சு தெரியாது. அதனால் காலி டம்ளரின் உட்புறத்தை மூன்றாவது படமாகப் போடுங்க. அளவும் இதில் தெரியாது. பக்கத்தில் வேறு எதுவும் இல்லாததால் சின்ன டம்ளரும் பெரிசாகத் தெரியும். கையில் பிடித்த படம் நாலாவது. கூடவே, விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி அதை அளவு ஜாடியில் அளந்து, எத்தனை மில்லின்னு எழுதிடுங்க. இந்த நாலும் சேர்ந்தால்தான் நம்ம அழகான படம் நேர்மையான படமாகவும் ஆகும்.

மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் பின் அறை ஜன்னலோரம் கடப்பா கல், வேட்டி, இரண்டு அட்டை, ஒரு டவரா டம்ளர் எல்லாம் வைத்திருப்பேன். மத்தியானத்தில் காலை வெயில் கிடைக்காதுதான். ஆனா டம்ளருக்குள் என்ன தெரியுதுன்னு குனிந்து பார்க்க எந்த வெளிச்சமும் போதும். வாங்க, ஒவ்வொருத்தரா பார்க்கலாம்.